பதினைந்து கிலோவாட் மோட்டார் எத்தனை ஆம்ப் இழுக்கும்?

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் சின்னச் சின்ன லேத் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே ஒரு பட்டறையில் ஏர் கம்ப்ரசரின் மோட்டார் காயில் எரிந்து, ரீவைண்டிங் முடிந்து திரும்பி வந்திருக்கிறது. சுற்றியவர்கள் மேலே புதுப் பெயின்டும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெயின்டைச் சுரண்டியதில் நேம் பிளேட்டில் சில எழுத்துகள் மிஞ்சின, சில போய்விட்டன. 15 கிலோவாட், 20 ஹெச்.பி., 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பவர் ஃபேக்டர் 0.85, டெல்டா, நிமிடத்துக்கு 1465 சுற்று, ஐ.இ.3 ஆகியவற்றைப் படிக்க முடிகிறது. ஆம்ப் என்று இருந்த கட்டம் மட்டும் அழிந்துவிட்டது.

வேண்டியது அந்த ஒரு எண்தான். ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோட் ரிலேயின் திருகை எந்த ஆம்பில் வைப்பது என்பதை அது சொல்ல வேண்டும். திருகு தேவைக்கு மேல் ஏறிவிட்டால், காயில் மறுபடி எரியும்போதும் ரிலே சும்மா இருக்கும். தேவைக்குக் கீழே இறங்கிவிட்டால், வேலை நடுவில் மோட்டார் அடிக்கடி நின்றுபோகும்.

வயர்மேன் கணக்கே போடவில்லை. “ஹெச்.பி.க்கு ஒன்றரை ஆம்ப்புங்க அண்ணா. இருபதுக்கு முப்பது. வெச்சிரலாம்” என்றார். பட்டறைக்காரரின் மகன் கைப்பேசியில் 15,000 வாட்டை 415 வோல்ட்டால் வகுத்து, 36 ஆம்ப் என்று காட்டினான். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த பாலிடெக்னிக் மாணவர் பாடத்தில் படித்த சூத்திரத்தைப் போட்டு 24.5 என்றார். ஒரே மோட்டாருக்கு மூன்று விடைகள். சரியான விடை இந்த மூன்றும் அல்ல, 26.7 ஆம்ப். ஒவ்வொருவரும் எதை விட்டுவிட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் கணக்கு முழுவதும் பிடிபட்டுவிடும்.

கிலோவாட் எங்கே இருக்கிறது?

மாணவரின் விடைதான் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது, அதனால் அவரிடமிருந்தே தொடங்கலாம். அவர் போட்ட சூத்திரம் பிழையானது அல்ல. அதில் எந்தக் கிலோவாட்டைப் போட வேண்டும் என்பதில்தான் தவறினார்.

மிக்சியின் மேல் 750 வாட் என்று எழுதியிருந்தால் பொதுவாக அது மின்சாரத்திலிருந்து இழுப்பதைக் குறிக்கும். தொழிற்சாலை மோட்டாரின் நேம் பிளேட்டுக்கு வழக்கம் வேறு. அதில் இருக்கும் 15 கிலோவாட், ஷாஃப்ட்டில் கிடைக்கும் இயந்திர சக்தி. பெல்ட்டையோ கப்ளிங்கையோ சுழற்ற மோட்டார் முழு லோடில் தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு அது. 20 ஹெச்.பி. என்று அதன் பக்கத்தில் எழுதியிருப்பதும் அதே அளவைத்தான் சொல்கிறது. ஒரு ஹெச்.பி. 746 வாட், இருபதால் பெருக்கினால் 14,920 வாட், அதைத்தான் 15 கிலோவாட் என்று முழுமைப்படுத்தியிருக்கிறார்கள்.

ஷாஃப்ட்டில் பதினைந்து வர வேண்டுமானால் உள்ளே போவது அதைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். செம்புக் கம்பிகளிலும் ரோட்டரின் கம்பிகளிலும் கொஞ்சம் சூடாகப் போகிறது. காந்தம் திரும்பத் திரும்ப மாறுவதால் இரும்புத் தகடுகளில் கொஞ்சம் போகிறது. பேரிங்கிலும் பின்பக்க விசிறியிலும் இன்னும் கொஞ்சம் போகிறது. இவையெல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று சொல்லும் எண்தான் எஃபிஷியன்சி. ஐ.இ.3 என்ற குறி அதற்கான தர வகுப்பு. 15 கிலோவாட், நான்கு போல், 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு அந்த வகுப்பில் குறைந்தபட்சம் 92.1 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு படி கீழே இருக்கும் ஐ.இ.2 வகுப்பில் அது 90.6. நிமிடத்துக்கு 1465 சுற்று என்பதை வைத்து இது நான்கு போல் மோட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். நான்கு போலில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும், ரோட்டர் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கி ஓடும்.

ஆக, உள்ளே போகும் மின்சக்தி 15,000-ஐ 0.921-ஆல் வகுத்தால் கிடைப்பது. 16,287 வாட் வருகிறது. ஷாஃப்ட்டில் வருவது போக மிச்சம் 1,287 வாட், மோட்டாரின் உடம்பிலிருந்து சூடாகவும் காற்றாகவும் வெளியேறுகிறது. முழு லோடில் ஓடும் மோட்டாரின் உடம்பில் கை வைக்க முடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். மாணவர் இந்த ஒரு வகுத்தலை விட்டதால் அவருடைய விடை எட்டு விழுக்காடு குறைந்துபோயிற்று.

மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்

அடுத்து மகனின் 36 ஆம்ப். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப் என்பது இரண்டே கம்பிகள் உள்ள சுற்றுக்கான கணக்கு. பட்டறைக்கு வருவது மும்முனை மின்சாரம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பிகளும் சேர்ந்துதான் 16,287 வாட்டைக் கொண்டுவருகின்றன. நாம் தேடுவது ஏதாவது ஒரு கம்பியில் ஓடும் கரண்ட்டை. அதற்குத்தான் லைன் கரண்ட் என்று பெயர்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமலே இதைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று கம்பிகளும் சமமாகச் சுமக்கின்றன என்பதால் முதலில் மூன்றால் வகுப்போம். ஒரு கம்பியின் பங்கு 5,429 வாட். அந்தக் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருப்பது 415 வோல்ட் அல்ல, 240 வோல்ட். 5,429-ஐ 240-ஆல் வகுத்தால் 22.6 ஆம்ப். அதைப் பவர் ஃபேக்டர் 0.85-ஆல் வகுத்தால் 26.6. பின்னங்களை விடாமல் போட்டால் 26.7. கணக்கு முடிந்துவிட்டது.

மோட்டாருக்குத்தான் நியூட்ரல் கம்பியே போகவில்லையே, 240 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். மூன்று கம்பிகளும் சமமாகச் சுமக்கும்போது நியூட்ரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு மாறாது. ஒவ்வொரு கம்பியும் நடுவில் ஒரு பொதுப் புள்ளியை வைத்துக்கொண்டு வேலை செய்வதாகவே எடுத்துக்கொள்ளலாம். மோட்டார் உள்ளே டெல்டாவாக இணைந்திருந்தாலும், வெளியே கம்பியில் பார்க்கும்போது இது பொருந்தும்.

அப்படியானால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 240-ம் 240-ம் சேர்ந்து 480 வர வேண்டாமா? ஒன்று உச்சிக்குப் போகும் அதே நொடியில் மற்றது நேர் எதிரான அடிக்குப் போனால் வரும். ஆனால் மூன்று ஃபேஸ்களும் மூன்றில் ஒரு சுற்று இடைவெளி விட்டு வருகின்றன. அதனால் ஒன்று நேர்ப்பக்க உச்சியில் இருக்கும்போது மற்ற இரண்டும் எதிர்ப்பக்கத்தில் பாதி ஆழத்தில்தான் இருக்கும். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே எந்த நேரத்திலும் முழு இரட்டிப்பு கிடைப்பதில்லை. கிடைப்பது 1.732 மடங்கு. மூன்றின் வர்க்கமூலம் அது. 240-ஐ 1.732-ஆல் பெருக்கினால் 415 வந்துவிடுகிறது.

பாடப் புத்தகத்தில் வரும் 1.732-ம் இதே கதைதான். மூன்று கம்பிகளுக்காக ஒரு 3, ஃபேஸுக்கு வோல்ட் குறைவதால் ஒரு 1.732, மூன்றை 1.732-ஆல் வகுத்தால் மறுபடி 1.732. எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதினால் இப்படி ஆகும்:

I = P ÷ (1.732 × V × cosφ × η)

இதில் P ஷாஃப்ட்டில் வரும் வாட், V இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவேயான வோல்ட், cosφ பவர் ஃபேக்டர், கடைசியில் இருப்பது எஃபிஷியன்சி. எண்களைப் போட்டால் 15,000-ஐ 1.732, 415, 0.85, 0.921 ஆகிய நான்கின் பெருக்கலால் வகுக்க வேண்டும். கீழே 562.7 வருகிறது, விடை 26.7 ஆம்ப். இரண்டு வழியும் ஒன்றுதான். மூன்றாகப் பிரிக்கும் வழியில் ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அதை முதலில் சொன்னேன்.

வேலை செய்யாத கரண்ட்

22.6 ஆம்ப் எப்படி 26.6 ஆயிற்று? இடையில் வந்த நான்கு ஆம்ப் எதற்காக?

மோட்டார் சுழல வேண்டுமானால் முதலில் அதன் இரும்பில் காந்தப்புலம் எழ வேண்டும். அந்தப் புலத்தை எழுப்ப ஒரு கரண்ட் தேவைப்படுகிறது. புலம் எழும்போது அந்தக் கரண்ட் லைனிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்கிறது, புலம் அடங்கும்போது எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 50 ஹெர்ட்ஸில் இது நொடிக்கு நூறு முறை நடக்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் கழிந்துபோவதால் அதில் ஷாஃப்ட்டுக்கு ஒரு வாட்கூடப் போய்ச் சேருவதில்லை. ஆனால் கம்பியைப் பொறுத்தவரை அதுவும் ஓடும் கரண்ட்தான். கம்பியையும் ஸ்விட்ச்சையும் காயிலையும் அது சூடாக்கவே செய்யும்.

நம் மோட்டாரில் முழு லோடில் வேலை செய்யும் பகுதி 22.6 ஆம்ப், காந்தத்துக்காகப் போய்வரும் பகுதி சுமார் 14 ஆம்ப். கூட்டினால் 36.6 ஆக வேண்டுமே, 26.6 எப்படி? இரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருவதில்லை. காந்தப் பகுதி கால் சுற்று பின்தங்கி, அதாவது ஐந்து மில்லிசெகண்ட் கழித்து வருகிறது. அதனால் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள்போலத்தான் இவற்றைக் கூட்ட வேண்டும். 22.6-ன் வர்க்கத்தையும் 14-ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 26.6 கிடைக்கும். வேலை செய்யும் 22.6-ஐ மொத்தம் 26.6-ஆல் வகுத்துப் பார்த்தால் 0.85. பவர் ஃபேக்டர் சொல்வது இந்த விகிதத்தைத்தான்.

இதிலிருந்து கெபாசிட்டரைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் விளங்கும். இந்த மோட்டாருக்கு 5 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் ஒன்று போட்டால் அது ஏறத்தாழ 7 ஆம்ப் காந்தக் கரண்ட்டைப் பக்கத்திலிருந்தே கொடுத்துவிடும். மின்வாரியத்தின் லைனிலிருந்து வர வேண்டியது 14-லிருந்து 7 ஆகிறது, மொத்த லைன் கரண்ட் 23.7 ஆம்பாக இறங்குகிறது. ஆனால் மோட்டார் காயிலுக்குள் ஓடுவது அதே 26.7-தான், மோட்டாருக்குத் தேவையான காந்தம் குறைந்துவிடவில்லையே. கெபாசிட்டர் பொருத்தியபின் கரண்ட் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் கெபாசிட்டருக்கு முன்னால் இருக்கும் கம்பி. அதற்குப் பின்னால், மோட்டார் பக்கம் பார்த்துவிட்டு “கெபாசிட்டர் வேலையே செய்யலை” என்று கழற்றிப் போடுவது தவறு. கெபாசிட்டர் கம்பி ரிலேயின் எந்தப் பக்கத்தில் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரிலேயைத் தாண்டி மோட்டார் பக்கம் சேர்ந்திருந்தால் ரிலே வழியாக ஓடுவது 23.7 மட்டுமே, திருகையும் அதற்கேற்ப இறக்க வேண்டும்.

திருகை எங்கே வைப்பது?

இப்போது ஸ்டார்ட்டருக்கு வருவோம். வழக்கமான தெர்மல் ரிலேக்குள் பைமெட்டல் தகடுகள் இருக்கும். மோட்டாருக்குப் போகும் கரண்ட் சூடாக்கியதும் அவை வளைந்து சுற்றைத் துண்டிக்கும். இதற்கான உலகத் தரவிதி எளிமையானது. திருகு நிற்கும் அளவைப்போல 1.05 மடங்கு ஓடினால் இரண்டு மணி நேரத்துக்கு ட்ரிப் ஆகக் கூடாது. பிறகு 1.2 மடங்காக ஏற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆகியே தீர வேண்டும். இரண்டுக்கும் நடுவே எதுவும் நடக்கலாம்.

இந்த விதியை வைத்துக்கொண்டு மூன்று விடைகளையும் பார்த்தால் அவற்றின் விளைவு தெரியும். மாணவரின் 24.5-ல் திருகை வைத்தால், முழு லோடில் ஓடும் 26.7 ஆம்ப் அதைப்போல 1.09 மடங்கு. நடுவில் சிக்கிக்கொள்கிறது. காலையில் ஓடும், மதியம் நின்றுபோகும். காரணம் தெரியாமல் யாராவது ஆத்திரத்தில் திருகைக் கடைசிவரை ஏற்றிவிடுவார்கள்.

வயர்மேனின் 30-ல் வைத்தால், கட்டாயம் ட்ரிப் ஆக வேண்டிய எல்லை 36 ஆம்ப்புக்குப் போய்விடுகிறது. அது மோட்டாரின் முழு லோடைவிட 35 விழுக்காடு அதிகம். காயிலின் சூடு கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறுவதால், அந்த நிலையில் செம்பில் உண்டாகும் சூடு 1.8 மடங்காகியிருக்கும். மகனின் 36-ல் வைத்தால் எல்லை 43 ஆம்ப், சூடு 2.6 மடங்கு. அதற்கு ரிலேயே இல்லாமல் ஓட்டினாலும் பெரிய வேறுபாடு இருக்காது.

26.7-ல் வைத்தால் எல்லை 32 ஆம்ப். இந்த அளவைத் தாங்கும்படிதான் நல்ல காயில்களைச் சுற்றுகிறார்கள். விடை 27 என்று முழுமைப்படுத்தியும் வைக்கலாம்.

வயர்மேனின் விதியை முழுக்கத் தள்ளிவிட வேண்டியதில்லை. கேபிளும் ஸ்விட்ச்சும் வாங்கப் போகும்போது ஹெச்.பி.க்கு ஒன்றரை என்பது பாதுகாப்பான மதிப்பு. ஆனால் எல்லா அளவுக்கும் அது ஒரே மாதிரி பொருந்தாது. ஒரு ஹெச்.பி. மோட்டாரில் எஃபிஷியன்சியும் பவர் ஃபேக்டரும் குறைவாக இருப்பதால் அது ஒன்றே முக்கால் ஆம்ப் வரை இழுக்கும், ஒன்றரை போதாது. நூறு ஹெச்.பி. மோட்டார் ஹெச்.பி.க்கு ஒன்றேகால் ஆம்பில் நின்றுவிடும். ரிலேத் திருகு கேட்பது மதிப்பை அல்ல, அந்த மோட்டாருக்கே உரிய எண்ணை.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்த அளவு மோட்டார்களுக்குப் பெரும்பாலும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டிருப்பார்கள். மோட்டாருக்குள் ஆறு கம்பிகள் போகும். அந்த ஸ்டார்ட்டர்களில் ஓவர்லோட் ரிலேயை வழக்கமாக மெயின் கான்டாக்டருக்கு அடியில், டெல்டா வளையத்தின் உள்ளே, காயிலுக்குப் போகும் மூன்று கம்பிகளில் மாட்டுவார்கள். டெல்டாவில் ஒவ்வொரு லைன் கம்பியும் இரண்டு காயில்களுக்குப் பிரிந்து போகிறது. அதனால் ஒரு காயிலில் ஓடுவது லைன் கரண்ட்டில் 0.58 பங்குதான். 26.7-ஐ 1.732-ஆல் வகுத்தால் 15.4 ஆம்ப். ரிலே அந்த இடத்தில் இருந்தால் திருகு நிற்க வேண்டியது 15.4-ல். அதே ரிலே மூன்று கம்பிகளும் பிரிவதற்கு முன்னால், உள்வரும் லைனில் இருந்தால் 26.7. நேம் பிளேட்டில் இருக்கும் எண்ணை அப்படியே பார்த்து டெல்டாவுக்கு உள்ளே இருக்கும் ரிலேயை 27-ல் வைத்துவிட்டால், மோட்டாருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ரிலேயின் திருகில் எழுதியிருக்கும் அளவே இதற்குத் துப்புக் கொடுத்துவிடும். 20 ஹெச்.பி. ஸ்டார்ட்டரில் 14-லிருந்து 23 ஆம்ப் வரை போன்ற அளவு ரிலே இருந்தால், அதை யாரோ தெரிந்துதான் டெல்டாவுக்குள் மாட்டியிருக்கிறார்கள்.

டாங் டெஸ்டர் சொல்வதும் சொல்லாததும்

கணக்குப் போட்ட கையோடு டாங் டெஸ்டரை எடுத்து மூன்று கம்பிகளிலும் மாட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அதில் 26.7 தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். கணக்கில் வந்தது முழு லோடுக்கான எண். கம்ப்ரசரின் டேங்க் நிரம்பி, வால்வு திறந்து சும்மா சுற்றும்போது கரண்ட் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எவ்வளவு குறையும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். லோடு பாதியானால் கரண்ட்டும் பாதியாக, 13.3 ஆம்ப் ஆகும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் காந்தத்துக்கான கரண்ட் லோடு குறைந்தாலும் பெரிதாகக் குறைவதில்லை. வேலைப் பகுதி மட்டும் பாதியாகிறது, பவர் ஃபேக்டர் 0.73 அளவுக்கு விழுகிறது. அதனால் இந்த வகை மோட்டார் பாதி லோடில் ஏறத்தாழ 15.5 ஆம்ப் காட்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டினாலும் 9, 10 ஆம்ப் காட்டும். அப்போது உள்ளே போகும் சக்தி அரைக் கிலோவாட்டைக் கொஞ்சம் தாண்டி இருக்கும், பவர் ஃபேக்டர் 0.1-ஐ ஒட்டி நிற்கும். டாங் டெஸ்டரில் 10 ஆம்பைப் பார்த்துவிட்டு, நேம் பிளேட்டின் 0.85-ஐப் பெருக்கிக் கணக்குப் போட்டால் ஆறு கிலோவாட் எரிவதாகத் தெரியும். அது முற்றிலும் தவறு. நேம் பிளேட்டின் பவர் ஃபேக்டர் முழு லோடுக்கு மட்டுமே உண்மை. உண்மையில் எத்தனை கிலோவாட் போகிறது என்று தெரிய வேண்டுமானால் பவர் மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

ரீவைண்டிங் ஆகி வந்த மோட்டாருக்கு இந்த நோ-லோட் கரண்ட்தான் மிகவும் பயனுள்ள சோதனை. மூன்று ஃபேஸிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்க வேண்டும். எரிவதற்கு முன்பு 9 ஆம்ப் காட்டிய மோட்டார் இப்போது 14 காட்டினால், சுற்று எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள், அல்லது பழைய காயிலை எடுக்க இரும்பை அதிகம் சுட்டுத் தகடுகளின் காப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட மோட்டாருக்கு நேம் பிளேட்டின் பவர் ஃபேக்டரும் எஃபிஷியன்சியும் இனி பொருந்தாது, நாம் போட்ட 26.7-ம் பொருந்தாது. திருகைத் தொடும் முன்பு மோட்டாரைச் சுற்றியவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும்.

டாங் டெஸ்டர் 26.7-க்கு மேல் காட்டினால் அடுத்துப் பார்க்க வேண்டியது வோல்ட்டேஜ். மாலையில் லைன் 380 வோல்ட்டுக்கு இறங்கினாலும் கம்ப்ரசர் கேட்கும் வேலை குறைவதில்லை. அதே 15 கிலோவாட்டைக் குறைந்த வோல்ட்டில் கொடுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். சூத்திரத்தில் 415-க்குப் பதில் 380 போட்டால் 29 ஆம்ப் வருகிறது. பார்க்க ஒன்பது விழுக்காடுதான், ஆனால் செம்பின் சூடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். அந்த நேரத்தில் ரிலே ட்ரிப் ஆனால் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. திருகை ஏற்றாமல், கம்ப்ரசரின் அழுத்த அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதுதான் முறை.

மூன்று கம்பிகளிலும் ஒரே அளவு இல்லாவிட்டால் அது இன்னும் அவசரமான அறிகுறி. ஃபேஸ்களுக்கு நடுவே வோல்ட்டில் இருக்கும் சின்ன ஏற்றத்தாழ்வு, கரண்ட்டில் அதைப்போலப் பல மடங்காகத் தெரியும். ஒரு ஃபியூஸ் போய் ஒரு ஃபேஸ் முழுதாக இல்லாமல் போய்விட்டால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மிச்சமிருக்கும் இரண்டு கம்பிகளிலேயே முழுச் சுமையையும் இழுத்துக்கொண்டு ஓடும். முழு லோடு இருந்தால் அந்த இரண்டிலும் 46 ஆம்ப்பும் அதற்கு மேலும் போகும், சரியாக வைத்த எந்த ரிலேயும் பிடித்துவிடும். ஆபத்து அறுபது விழுக்காடு லோடில்தான். அப்போது கம்பியில் போவது 30 ஆம்ப் அளவுக்கே இருக்கும். ஆனால் டெல்டாவில் ஒரு காயில் மட்டும் தன் பங்கைவிட மிக அதிகமாகச் சுமந்துகொண்டிருக்கும். 36-ல் வைத்த ரிலேக்கு இது தெரியவே தெரியாது. எரிந்த மோட்டார்களைப் பிரிக்கும்போது சில காயில்கள் மட்டும் கருகி மற்றவை புதிதுபோல இருப்பது இதனால்தான். ஒரு ஃபேஸ் போனால் கண்டுகொள்ளும் வசதி உள்ள ரிலேகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. ஆனால் அவையும் திருகு சரியான எண்ணில் இருந்தால்தான் உதவும்.

அந்தப் பட்டறையில் இனி செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெல்ட்டைப் பூட்டாமல் ஓட்டி மூன்று ஃபேஸின் நோ-லோட் கரண்ட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். சமமாகவும் 10 ஆம்ப்பை ஒட்டியும் இருந்தால் காயில் நன்றாக இருக்கிறது. ரிலே எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து, லைனில் இருந்தால் 26.7-லும் டெல்டாவுக்குள் இருந்தால் 15.4-லும் திருகை நிறுத்த வேண்டும். பெல்ட்டைப் பூட்டி, டேங்க் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் டாங் டெஸ்டரையும் வோல்ட் மீட்டரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். வோல்ட் 415-ஐ ஒட்டி இருக்கும்போது கரண்ட் 26.7-ஐத் தாண்டினால் கம்ப்ரசர் இந்த மோட்டாருக்கு அதிகம், தாண்டாவிட்டால் பொருத்தம் சரி. பிறகு ஒரு எண்குத்தியை எடுத்து, அழிந்துபோன கட்டத்தில் 26.7 என்றும், அதன் பக்கத்தில் நோ-லோடில் பார்த்த எண்ணையும் குத்திவிட வேண்டும். அடுத்த முறை இந்த மோட்டாரைத் திறப்பவருக்கு முதலில் தேவைப்படுபவை அந்த இரண்டு எண்களும்தான்.